தருமபுரியில் 81, மத்திய சென்னையில் 54: ஓட்டுப்போடும் விகிதம் ஏன் இப்படி மாறுது?

முதுகலை_நிலா:
வணக்கம். அரசியல் அறிவியல் படிக்கிறேன். பாடத்தில் படித்தவர்களும் வசதியானவர்களும்தான் அதிகம் ஓட்டுப் போடுவார்கள், ஏழைகளும் இளைஞர்களும் குறைவு என்று இருக்கிறது. நம் ஊர் எண்களைப் பார்த்தால் தலைகீழாக இருக்கிறது. 2024 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டின் சராசரி 69.72%. தருமபுரி 81.20%, மத்திய சென்னை 53.96%, தென் சென்னை 54.17%. படிப்பும் வருமானமும் அதிகமுள்ள இடத்தில் ஏன் குறைகிறது? இதை வைத்து சென்னைக்காரர்களுக்கு அரசியல் அக்கறை குறைவு என்று எழுதலாமா?

தாம்பரம்வாசி:
இதுக்கு ஆராய்ச்சியே தேவையில்லைம்மா. 2024ல ஓட்டு நாள் ஏப்ரல் 19, வெள்ளிக்கிழமை. மூணு நாள் சேர்ந்தாப்புல லீவு. ஐ.டி. ஆளுங்க ஊட்டிக்கும் ஏற்காட்டுக்கும் கிளம்பிட்டாங்க. வெயில்ல வரிசையில நிக்க மனசு வராது, சாயங்காலம் உட்கார்ந்து நாடு கெட்டுப்போச்சுன்னு போஸ்ட் போடுவாங்க. அவ்வளவுதான் விஷயம்.

கணக்குப்பிள்ளை:
லீவு விஷயம் கொஞ்சம் உண்மை, ஆனால் அது முக்கியக் காரணமாக இருக்க முடியாது. 2021 சட்டமன்றத் தேர்தல் ஏப்ரல் 6, செவ்வாய்க்கிழமை. முன்னும் பின்னும் வேலை நாள். அப்போதும் சென்னை மாவட்டம் 60%ஐத் தொடவில்லை. வேளச்சேரி சுமார் 56%, தருமபுரி மாவட்டத்துப் பாலக்கோடு 87%. கிழமை மாறியும் இடைவெளி அப்படியே இருந்தது.

நிலா, முதலில் அந்தச் சதவீதம் எதை எதால் வகுத்தது என்று பாருங்கள். மேலே பதிவான ஓட்டு, கீழே பட்டியலில் உள்ள பெயர்கள். கீழே இருப்பது ஊரில் குடியிருக்கும் ஆட்களின் எண்ணிக்கை இல்லை, பெயர்களின் எண்ணிக்கை. பெருநகரத்தில் இரண்டும் வேறு வேறு.

கணக்கு புரிவதற்காக நானே வைக்கும் எண்கள் இவை. நகரத்தில் ஒரு பாகத்தில், அதாவது ஒரு சாவடிக்கு உரிய பட்டியலில், 1,200 பெயர், 600 ஓட்டு. அறிவிப்பில் 50%. அந்த 1,200ல் 60 பேர் இறந்தவர்கள், 180 பேர் வீடு மாறிப் போனவர்கள், 30 பெயர் இரட்டைப் பதிவு. ஆக ஓட்டுப் போடக்கூடிய ஆட்கள் 930. 600ஐ 930ஆல் வகுத்தால் 64.5%. கிராமத்தில் ஒரு பாகம்: 1,000 பெயர், 800 ஓட்டு, 80%. அங்கே 30 பேர் இறந்தவர்கள், 20 பேர் நிரந்தரமாகப் போனவர்கள். 950ஆல் வகுத்தால் 84.2%. முப்பது புள்ளி இடைவெளி இருபதாகச் சுருங்கிவிட்டது, ஒரு ஆள்கூடக் கூடுதலாக ஓட்டுப் போடாமலே. மீதி இருபதுக்குத்தான் நீங்கள் சமூகக் காரணம் தேட வேண்டும்.

நகரப் பட்டியல் ஏன் இப்படி ஊதுகிறது என்றால், வாடகை வீடு மாறுகிறவர் முகவரி மாற்றத்துக்குப் படிவம் 8 கொடுப்பதில்லை. புது இடத்தில் படிவம் 6 கொடுத்துப் புதிதாகச் சேர்ந்துவிடுகிறார், பழைய பெயர் பழைய தெருவில் கிடக்கிறது. இறந்தவர் பெயரை நீக்கப் படிவம் 7 கொடுக்க எந்தக் குடும்பத்துக்கும் ஞாபகம் வருவதில்லை. பட்டியலைச் சரிபார்க்கும் சாவடி அலுவலரான பி.எல்.ஓ. கிராமத்தில் பெரும்பாலும் அங்கன்வாடிப் பணியாளர் அல்லது பள்ளி ஆசிரியர், யார் வீட்டில் சாவு என்று அவருக்குத் தெரியும். அடுக்குமாடிக் குடியிருப்பில் பூட்டிய கதவுக்கு முன் நிற்பவருக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்தாலும் நோட்டீஸ் கொடுக்காமல் அடித்துவிட முடியாது.

தாம்பரம்வாசி:
அப்போ எஸ்.ஐ.ஆர்.னு வாக்காளர் பட்டியலுக்குத் தீவிரத் திருத்தம் பண்ணாங்களே, அதுல நீக்கினதைக் கழிச்சுட்டா சென்னையும் தருமபுரியும் ஒண்ணு ஆகிடுமே? 2025 டிசம்பர் வரைவுப் பட்டியல்ல மாநிலம் முழுக்க 97 லட்சம் பேர் போச்சு. சென்னை மாவட்டத்துல மட்டும் 40 லட்சத்துல 14 லட்சத்துக்கு மேல காலி. நூத்துக்கு 36. உங்க முறைப்படி போட்டா 55ஐ 64ஆல வகுக்கணும், 86% வருது. சென்னைக்காரன் தங்கம்!

கணக்குப்பிள்ளை:
அந்த வகுத்தலை அப்படியே எழுதாதீர்கள், தாம்பரம் சார். மூன்று இடத்தில் வழுக்கும். ஒன்று, வரைவில் இல்லாத எல்லோரும் ஊரில் இல்லாதவர்கள் அல்ல. படிவத்தை நிரப்பித் திருப்பித் தராதவர்களும் அதில் உண்டு. அப்படிப் பலர் பிறகு மறுபடி விண்ணப்பித்துச் சேர்ந்தார்கள். இரண்டு, 2025 கடைசியில் வீடு மாறியிருந்தவர் 2024 ஏப்ரலில் அதே வீட்டில் இருந்து ஓட்டும் போட்டிருக்கலாம், அவரை அந்தத் தேர்தலின் கணக்கிலிருந்து கழிக்கக் கூடாது. மூன்று, சென்னை மாவட்ட எல்லையும் மூன்று மக்களவைத் தொகுதிகளின் எல்லையும் ஒன்றல்ல. தென் சென்னைத் தொகுதியில் சோழிங்கநல்லூர் இருக்கிறது, அது செங்கல்பட்டு மாவட்டம்.

ஆக 86 என்பது உச்சவரம்பு. உண்மை 54க்கும் 86க்கும் நடுவில் எங்கோ. தருமபுரியில் நீக்கம் பத்தில் ஒரு பங்கைத் தொடவில்லை, அதனால் அங்கே எண் அதிகம் நகராது. இடைவெளி கணிசமாகச் சுருங்கும், அதுவரை சொல்லலாம். மறைந்துவிடும் என்று சொல்ல ஆதாரம் இல்லை.

ஷார்ஜா_செந்தில்:
நீங்கள் பேசுவதெல்லாம் சரி. எங்கள் நிலைமையை யாராவது சொல்லுங்கள். பாஸ்போர்ட் வைத்துப் படிவம் 6ஏ கொடுத்துப் பெயர் சேர்த்தேன். ஓட்டுப் போட விமானம் ஏறி ஊருக்கு வர வேண்டுமாம். வங்கிக் கணக்கு, ஆதார் எல்லாம் கைபேசியில், ஓட்டு மட்டும் ஏன் ஆன்லைனில் இல்லை? வெளிநாட்டில் இருப்பவனுக்கு அக்கறை இல்லை என்று சொல்லாதீர்கள்.

கணக்குப்பிள்ளை:
செந்தில், ஆன்லைன் ஓட்டு தனி இழைக்கான விஷயம். ஆனால் உங்கள் நிலைமை நிலாவின் கேள்விக்கு நல்ல எடுத்துக்காட்டு. 2024ல் வெளிநாடுவாழ் வாக்காளர்களாகப் பதிந்தவர்கள் 1,19,374 பேர். ஓட்டுப் போட்டவர்கள் 2,958. இரண்டரை சதவீதம். வேலையை விட்டுவிட்டுத் தேடிப்போய்ப் பதிந்தவர்கள் இவர்கள், அக்கறை இல்லாதவர்கள் என்று யார் சொல்வார்? ஓட்டின் விலை ஒரு விமான டிக்கெட் ஆகும்போது சதவீதம் இப்படித்தான் வரும்.

உள்நாட்டில் இடம்பெயர்ந்தவருக்கும் இதேதான், டிக்கெட் மட்டும் பஸ் டிக்கெட். பெயர் எந்த ஊரில் இருக்கிறதோ அங்கே நேரில் வர வேண்டும். வெளியூரில் இருந்தே ஓட்டுப்போட ஒரு மிஷின் மாதிரியைத் தேர்தல் ஆணையம் 2023 ஜனவரியில் கட்சிகளுக்குக் காட்டக் கூப்பிட்டது. எதிர்ப்பு வந்தது, அதோடு நின்றது.

பூத்_மாமா:
தருமபுரிக்காரன் எப்படி வர்றான்னு யாரும் சொல்லலியே. பாதிப் பேரு பெங்களூர்ல, ஓசூர்ல, திருப்பூர்ல வேலை. பேரை அங்க மாத்தவே மாட்டான். ரேஷன் கார்டு, நிலம், கோயில் வரி, சொந்தம் எல்லாம் ஊர்ல. ஓட்டுக்கு வர்றது திருவிழாவுக்கு வர்ற மாதிரி. வராதவன் யாருன்னு தெருவுக்கே தெரியும், அடுத்த தடவை ஒரு சர்ட்டிபிகேட்டுக்குக் கையெழுத்து கேட்டுப் போனா "எலெக்‌ஷனுக்கு வரலியே தம்பி"ன்னு ஒரு பேச்சு வரும்.

இன்னொண்ணு, ஆள் கூட்டிட்டு வர்றது. வெளியில இருந்து பார்க்கிறவங்களுக்கு இது தெரியாது. கட்சிக்குப் பாகத்துக்கு ஒரு பாக முகவர், கூட பூத் கமிட்டி. பட்டியல் நகல்ல யார் நம்மாளு, யார் எதிர், யார் ரெண்டுங்கெட்டான்னு தேர்தலுக்கு முன்னாடியே குறிச்சு வச்சிருப்போம். ஓட்டு நாள்ல சாவடியிலேர்ந்து 200 மீட்டருக்கு வெளிய ஒரு டேபிள், ரெண்டு சேர். பூத் சிலிப் எழுதிக் கொடுக்கும்போதே எங்க நகல்ல டிக் அடிச்சிடுவோம். உள்ள இருக்கிற ஏஜென்ட் நம்பர் எழுதி வெளிய அனுப்பக் கூடாதுன்னு விதி, அதனால டேபிள் டிக்தான் கணக்கு. மத்தியானம் மூணு மணிக்கு டிக் விழாத பேரெல்லாம் தெருவாரியாப் பிரிச்சு, தெருவுக்கு ரெண்டு பசங்களை பைக்ல அனுப்புவோம். ஆறு மணிக்கு வரிசையில நின்னா டோக்கன் உண்டு, அதனால அஞ்சே முக்காலுக்குக்கூட இழுத்துட்டு வந்து நிறுத்துவோம்.

இதை ஒரு கேட்டட் கம்யூனிட்டியில செய்ய முடியுமா? வாசல்ல செக்யூரிட்டி நிறுத்திடுவான். இன்டர்காம்ல கேட்டா "வேணாம்னு சொல்லுங்க". அதே வார்டுல குடிசை மாற்று வாரியக் குடியிருப்புக்குப் போனா நாலு மாடியும் கதவைத் தட்டலாம். ரெண்டு பாகமும் ஒரே தொகுதிதான், ஆனா ஓட்டு எண்ணிக்கை ஒரே மாதிரி வராது.

முதுகலை_நிலா:
நன்றி. அப்படியானால் என் பாடப்புத்தகம் தவறா? அமெரிக்காவில் ஏன் அது பொருந்துகிறது?

சா.இளம்பரிதி:
தவறில்லை, அது அந்த நாட்டு ஏற்பாட்டுக்குப் பொருந்துகிறது. அங்கே பெரும்பாலான மாநிலங்களில் பதிவு செய்வது குடிமகனின் வேலை. வீடு மாறினால் அவரே மறுபடி பதிய வேண்டும், அடிக்கடி மாறுகிறவர்கள் இளைஞர்களும் வாடகைக்குக் குடியிருப்பவர்களும். ஓட்டு நாள் செவ்வாய்க்கிழமை, நாடு தழுவிய விடுமுறை கிடையாது. படிவம், நேரம், முதலாளியின் அனுமதி என்று ஒவ்வொன்றும் வசதி குறைந்தவரை வடிகட்டுகிறது. இங்கே பி.எல்.ஓ. வீட்டுக்கு வருகிறார், சாவடி நடந்துபோகும் தூரத்தில், ஓட்டு நாளுக்குச் சம்பளத்தோடு விடுப்பு தர வேண்டும் என்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 135பி பிரிவு சொல்கிறது. அங்கே ஏழையை நிறுத்துகிற தடைகளில் பாதி இங்கே இல்லை.

அதோடு, ஏழைக்கு இங்கே அரசு கண்ணெதிரே இருக்கிறது. பட்டா, ரேஷன், முதியோர் உதவித்தொகை, நூறு நாள் வேலை எல்லாம் கவுன்சிலர், எம்.எல்.ஏ. அலுவலகங்களைத் தொட்டுத்தான் வருகின்றன. தண்ணீரை லாரியில், கரண்டை ஜெனரேட்டரில், பள்ளியைத் தனியாரில் வாங்கிக்கொள்ளும் குடும்பத்துக்கு யார் ஜெயித்தாலும் அன்றாடம் மாறுவது குறைவு. வேலை ஆக வேண்டுமானால் அவர்களுக்கு ஒரு போன் நம்பர் இருக்கும். ஆகவே ஓட்டுப் போடாதவர் பங்கேற்பு இல்லாதவர் என்று எழுதிவிடாதீர்கள். குடியிருப்போர் நலச் சங்கம் வழக்குப் போடுகிறது, மனுக் கொடுக்கிறது, அதிகாரியை நேரில் பார்க்கிறது. ஓட்டு மட்டுமே கையில் இருப்பவர் ஓட்டுக்கு வருகிறார்.

ஒரு எச்சரிக்கை: அமெரிக்க எண்கள் பெரும்பாலும் வாக்குரிமை உள்ள மக்கள்தொகையால் வகுத்தவை, நம்முடையவை பட்டியலால் வகுத்தவை. இரண்டையும் ஒரே அட்டவணையில் போடாதீர்கள். இளைஞர் விஷயத்தில் இது பெரிய வித்தியாசம் காட்டும். 2024ல் நாடு முழுவதும் 18, 19 வயதுப் பதிவு சுமார் 1.8 கோடி. அந்த வயதில் இருப்பவர்கள் 4 கோடிக்கும் மேல். பதியாதவர் நம் சதவீதத்தில் எங்கும் வரமாட்டார், மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை.

தாம்பரம்வாசி:
எல்லாம் சரி, பணத்தை மட்டும் யாரும் பேச மாட்டேங்கறீங்க. குடிசைப் பகுதியில 500, 1000 கொடுக்கறான், வர்றாங்க. அப்பார்ட்மென்ட்ல கொடுக்கல, வரல. ஆர்.கே.நகரைப் பாருங்க. வட சென்னை, ஏழைத் தொகுதி. 2017 டிசம்பர் இடைத்தேர்தல்ல 77% தாண்டிச்சு. சென்னையில எங்க கேட்டிருக்கீங்க 77?

கணக்குப்பிள்ளை:
நல்ல எடுத்துக்காட்டு, ஆனால் நீங்கள் நினைக்கும் விடை அதில் தனியாக நிற்காது. அந்த இடைத்தேர்தல் முதலில் 2017 ஏப்ரலில் நடக்க வேண்டியது, பணப் பட்டுவாடா காரணமாகவே ரத்தானது. டிசம்பரில் நடக்கும் முன், உயர் நீதிமன்றம் வரை விஷயம் போய், பட்டியலில் இருந்து 40 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் நீக்கப்பட்டன. அதாவது வகுக்கும் எண் சுத்தமானது. கூடவே மாநிலத்துக் கட்சிகள் எல்லாம் தங்கள் ஆட்களை அந்த ஒரு தொகுதியில் இறக்கின. பணம், சுத்தமான பட்டியல், கதவு தட்டல் மூன்றும் ஒரே நேரத்தில். 77ல் எதற்கு எத்தனை புள்ளி என்று யாராலும் பிரிக்க முடியாது.

பூத்_மாமா:
பணம் வாங்கினவன் வருவான்னு உத்தரவாதம் கிடையாது சார். ரெண்டு பக்கமும் வாங்கிட்டு வீட்டுல படுத்திருந்தவனும் உண்டு. மூணு மணிக்குப் போய் கூப்பிட்டாத்தான் வருவான்.

தாம்பரம்வாசி:
மாமா, கூப்பிடப் போறவனுக்கு பெட்ரோல் காசு யார் கொடுத்தா? அதுவும் பணம்தானே. நான் ஒத்துக்க மாட்டேன்.

வடமராட்சியான்:
இடாப்பைப் பற்றிக் கதைக்கிறபடியால் எங்கட பக்கத்து அனுபவத்தையும் சொல்லவேணும். 2010 நாடாளுமன்றத் தேர்தலில் யாழ்ப்பாண மாவட்ட வாக்காளர் இடாப்பில் 7,21,359 பெயர்கள். வாக்களிப்பு 23% அளவுதான். வெளியில இருந்தவை "தமிழர் தேர்தலில் நம்பிக்கை இழந்திட்டினம்" எண்டு எழுதினவை. நம்பிக்கையீனம் இருந்தது உண்மை. ஆனால் அந்த ஏழு லட்சத்தில் கொழும்புக்கும், இந்தியாவுக்கும், கனடாவுக்கும் போனவை எத்தினை பேர், இறந்தவை எத்தினை பேர்? போர்க்காலத்தில் இடாப்பைத் திருத்த ஆருக்கு முடிஞ்சது? பிறகு திருத்தினாப்போல 2015 ஜனாதிபதித் தேர்தலில் 5,29,239 பெயர்கள், வாக்களிப்பு 66%. வாக்களிக்கும் ஆர்வமும் கூடினதுதான், ஆனால் கீழ்எண்ணும் இரண்டு லட்சத்தால் குறைஞ்சது.

இதில ஒரு விலையும் இருக்கு. எங்கட நாட்டில மாவட்டத்துக்கான ஆசனங்கள் வாக்காளர் தொகையை வைச்சுத்தான். 2010இல் 9 ஆசனம், 2015இல் 7, 2024இல் 6. இடாப்பைத் துப்புரவாக்கினால் வீதம் கூடும், ஆசனம் குறையும்.

மற்றது, 2005 ஜனாதிபதித் தேர்தல். யாழ். மாவட்டத்தில் 1.21%. அதை எந்தக் கணக்கிலும் "அக்கறையின்மை" எண்டு போட ஏலாது. புலிகளின்ர பகிஷ்கரிப்பு, போகாதே எண்ட அச்சுறுத்தல். வென்றவருக்கு 50.29%, இரண்டு பேருக்கும் இடையில வித்தியாசம் இரண்டு லட்சத்துக்கும் குறைவு. ஒரு சமூகம் வாக்குச்சாவடிக்குப் போகாமல் விட்டதே ஆர் ஜனாதிபதி எண்டதை மாத்தியிருக்கலாம். அதைப் பங்கேற்பு எண்டு சொல்லுவியளோ, மறுப்பு எண்டு சொல்லுவியளோ, பலவந்தம் எண்டு சொல்லுவியளோ? இண்டைக்கும் எங்கட ஊரில மூண்டுக்கும் ஆக்கள் இருக்கினம்.

மீனா_திருச்சி:
சாதி, வருமானம், ஊர் என்று பேசுகிறீர்கள், பெண்கள் எங்கே? சமூகப் பிரிவுவாரியாக ஆணையமே எண்ணிக் கொடுப்பது ஆண், பெண், மூன்றாம் பாலினம் மட்டும்தான். 1962ல் நாட்டில் ஆண்கள் 63%, பெண்கள் 47% அளவு. 2019ல் பெண்கள் 67.18, ஆண்கள் 67.01. பதினாறு புள்ளி இடைவெளி போயே போச்சு.

கணக்குப்பிள்ளை:
மீனா அம்மா சொல்வது சரி, ஆனால் இங்கேயும் வகுக்கும் எண்ணைப் பாருங்கள். 2025 பீகார் தேர்தலில் பெண்கள் 71.6%, ஆண்கள் 62.8%. பெண்களின் ஆர்வம் கூடியது உண்மை. கூடவே டெல்லி, சூரத், திருப்பூர் என்று வேலைக்குப் போன ஆண்களின் பெயர் ஊர்ப் பட்டியலில் இருக்கிறது, ஆள் இல்லை. ஆண்களின் எண் அதனால் இறங்குகிறது.

மீனா_திருச்சி:
பெண் முன்னே போனதும் கணக்கில் ஓட்டை கண்டுபிடிக்கிறீர்களே! ஊரில் ஆண் இல்லாததால் ஆண்களின் எண் இறங்கும், சரி. பெண்களின் 71.6 ஏன் ஏறியது? அதற்குப் பதில் அதில் இல்லை. நான் வேறு கேட்கிறேன். ஓட்டில் சமமாகி 2024 மக்களவையில் பெண்கள் 543ல் 74. வரிசையில் நிற்பதில் பாதி, நாற்காலியில் ஏழில் ஒன்று. மூன்றாம் பாலினத்தவரில் பதிந்தவர்களிலேயே 27% பேர்தான் ஓட்டுப் போட்டார்கள். அட்டையில் பழைய பெயர், பழைய படம், சாவடியில் நாலு பேர் முன்னால் விளக்கம் சொல்ல வேண்டும். அதையும் "அக்கறை"யில் சேர்ப்பீர்களா?

கணக்குப்பிள்ளை:
ஏறியதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை, ஒத்துக்கொள்கிறேன்.

முதுகலை_நிலா:
நான் ஒரே தொகுதிக்குள் அடுக்குமாடிப் பாகங்களையும் வாரியக் குடியிருப்புப் பாகங்களையும் ஒப்பிடலாம் என்று நினைக்கிறேன். எங்கிருந்து எண் எடுப்பது?

கணக்குப்பிள்ளை:
ஓட்டு எண்ணிக்கைக்குப் படிவம் 20, பாகவாரியாக. மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரி தளத்தில் (elections.tn.gov.in) பி.டி.எஃப். ஆகக் கிடைக்கும், பல தொகுதிகளுக்கு ஸ்கேன் படம்தான், கையால் தட்டச்சு செய்ய வேண்டும். வேட்பாளர் ஓட்டுகளோடு நோட்டாவையும் கூட்டிய மொத்தத்தை எடுங்கள். தபால் ஓட்டு கடைசியில் தனி வரி, எந்தப் பாகத்திலும் சேராது. 85 வயது தாண்டியவர்கள் வீட்டிலிருந்தே போட்டதும் அதில்தான் போகும், முதியவர் அதிகமுள்ள குடியிருப்பில் சதவீதம் கொஞ்சம் குறைவாகத் தெரியும்.

பெயர் எண்ணிக்கைக்கு அந்தத் தேர்தலின் பட்டியலையே எடுங்கள், இப்போதைய பட்டியலை அல்ல. எஸ்.ஐ.ஆருக்குப் பிறகான பாக எண்ணும் பழைய பாக எண்ணும் ஒன்று என்று நம்பாதீர்கள். ஒரு சாவடிக்கு உச்ச அளவு 1,500 பேரில் இருந்து 1,200 ஆனதால் பல பாகங்களைப் பிரித்துவிட்டார்கள். தெருப் பெயர் பட்டியலின் முதல் பக்கத்தில் இருக்கும், அதை வைத்து இணையுங்கள். ஒரு பாகத்தில் இரண்டு வகைக் குடியிருப்பும் கலந்திருந்தால் அதை விட்டுவிடுங்கள்.

பிறகு இரு வகையிலும் நாலைந்து பாகங்களை எடுத்து, பட்டியலோடு நேரில் போய், பெயருக்கு ஆள் இருக்கிறாரா என்று மட்டும் சரிபாருங்கள். ஓட்டுப் போட்டீர்களா என்று கேட்டால் போடாதவரும் போட்டேன் என்பார். அந்தப் பதிலை நம்பித்தான் பல கருத்துக்கணிப்புகளில் சதவீதம் உண்மையைவிட மேலே நிற்கிறது.

பூத்_மாமா:
அடுக்குமாடிக்குப் போறதுக்கு முன்னாடி அசோசியேஷன் செக்ரட்டரிகிட்ட காலேஜ் லெட்டர் கொடுத்துடும்மா. இல்லேன்னா கட்சிக்காரின்னு நினைச்சு என்னை விட்ட மாதிரி உன்னையும் வாசல்லயே விட்டுடுவாங்க.